ஏ.ஐ.எஸ். காட்டிய லாபமும் நான் காட்டிய லாபமும்: 91,000 ரூபாய் வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

2024 டிசம்பர் மூன்றாவது வாரத்தில் வருமான வரித் துறையிடமிருந்து எனக்கு ஒரு குறுஞ்செய்தியும் அதையொட்டி ஒரு மின்னஞ்சலும் வந்தன. 2023-24 நிதியாண்டில் பங்குகள், மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்கள் ஆகியவற்றை விற்ற விவரம் நான் தாக்கல் செய்த படிவத்துடன் பொருந்தவில்லை என்றும், இணக்க இணையதளத்தில் பதில் அளிக்குமாறும் அதில் எழுதியிருந்தது. நாங்கள் வீட்டில் இதை 'நோட்டீஸ்' என்றே பேசிக்கொண்டோம். சட்டப்படி பார்த்தால் அது நோட்டீஸ் அல்ல. 2019 அக்டோபர் முதல் துறை அனுப்பும் எந்தக் கடிதத்திலும் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். முறையான நோட்டீஸாக இருந்தால் எந்தப் பிரிவின் கீழ் அனுப்பப்படுகிறது என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். எனக்கு வந்ததில் பிரிவு எதுவும் குறிக்கப்படவில்லை. அந்த மாதம் 17ஆம் தேதி நேரடி வரிகள் வாரியம் அறிவித்த மின்னணு இயக்கத்தின் பகுதியாக வந்த நினைவூட்டல் அது. ஆயினும் அதைத் தள்ளிவைக்க முடியாது என்பதற்கு ஒரு காரணம் இருந்தது: அந்த ஆண்டுக்கான திருத்திய படிவத்தைத் தாக்கல் செய்ய அப்போது டிசம்பர் 31தான் கடைசி நாள்.

முதல் இரவே நான் செய்யவிருந்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஏ.ஐ.எஸ். என்னும் வருடாந்திரத் தகவல் அறிக்கையைத் திறந்து, மியூச்சுவல் ஃபண்ட் விற்பனைப் பகுதியில் இருந்த ஒவ்வொரு வரியிலும் விற்பனைத் தொகையிலிருந்து கொள்முதல் விலையைக் கழித்துக் கூட்டினேன். 3,01,000 ரூபாய் வந்தது. ஜூலையில் நான் காட்டியிருந்த ஆதாயம் 2,10,000 ரூபாய். வித்தியாசமான 91,000 ரூபாயைச் சேர்த்து, வரியைக் கட்டி, திருத்திய படிவத்தைப் போட்டுவிட்டால் தொல்லை ஒழிந்தது என்று நினைத்தேன். மறுநாள் ஆடிட்டரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "லாபத்தை விடுங்கள், விற்ற தொகை ரெண்டு பக்கமும் எவ்வளவு?"

எனக்குத் தெரியவில்லை. நான் அதைக் கூட்டிப் பார்க்கவே இல்லை.

அந்தக் கேள்விக்குள் இருந்த தர்க்கம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஒரு யூனிட் விற்கப்பட்ட தேதி, எண்ணிக்கை, விலை ஆகியவை நடந்த நிகழ்வுகள். அவற்றை யார் அறிக்கை அனுப்பினாலும் ஒரே மாதிரிதான் இருக்க வேண்டும். ஆதாயம் என்பது அவற்றின் மேல் கட்டப்படும் கணக்கு. எந்த விலையைக் கொள்முதல் விலையாக எடுப்பது, எந்தத் தேதியிலிருந்து வைத்திருந்த காலத்தை எண்ணுவது என்பவற்றைப் பொறுத்து அது மாறும். எனவே இரண்டு அறிக்கைகளின் ஆதாயத்தை நேரடியாக ஒப்பிடுபவர், ஒன்றோடொன்று கலந்துவிட்ட பல வேறுபாடுகளை ஒரே எண்ணாகப் பார்க்கிறார். விற்பனைத் தொகையை முதலில் பொருத்தி, அடுத்து யூனிட் எண்ணிக்கையையும் தேதியையும் பொருத்தி, அதன் பின்பே கொள்முதல் விலைக்கும் கால அளவுக்கும் வந்தால், எந்த வேறுபாடு நிகழ்வில் உள்ளது, எது கணக்கில் உள்ளது என்பது தனித்தனியாகப் பிரிந்துவிடும்.

அன்று மாலை நான் இரண்டு ஆவணங்களை எடுத்துக்கொண்டேன். ஒன்று ஃபண்ட் பக்கத்து மூலதன ஆதாய அறிக்கை. இந்தியாவில் பெரும்பாலான ஃபண்ட் நிறுவனங்களின் கணக்குகளை கேம்ஸ், கேஃபின்டெக் என்னும் இரண்டு பதிவாளர் நிறுவனங்கள் பராமரிக்கின்றன. எந்த ஃபண்ட் யாரிடம் இருக்கிறதோ அவரிடமிருந்து நிதியாண்டைக் குறிப்பிட்டு இந்த அறிக்கையைப் பெறலாம். இருவரிடமும் ஃபண்ட் வைத்திருப்பவர் இரண்டையும் எடுக்க வேண்டும். மற்றொன்று ஏ.ஐ.எஸ்.; அதன் விற்பனைப் பகுதியில் ஒவ்வொரு வரியையும் விரித்தால் விற்ற தேதி, யூனிட் எண்ணிக்கை, விற்பனைத் தொகை, கொள்முதல் விலை, சந்தை மதிப்பு, சொத்து குறுகியகாலமா நீண்டகாலமா என்பவை தெரியும். இவற்றோடு வங்கிக் கணக்கு அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அது பின்னால் எனக்கு எதிராகவே சாட்சி சொன்னது.

அந்த ஆண்டு நான் மூன்று ஈக்விட்டி ஃபண்டுகளிலிருந்து யூனிட்களை விற்றிருந்தேன். எண்களைப் பின்தொடர எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காக முழு எண்களாக்கித் தருகிறேன். முதல் ஃபண்டில் 2023 நவம்பரில் 5,000 யூனிட்களை 90 ரூபாய் வீதம் விற்றதில் 4,50,000 ரூபாய். இரண்டாவதில் 2024 ஜனவரி 8 அன்று 2,000 யூனிட்கள், 75 ரூபாய் வீதம், 1,50,000 ரூபாய். மூன்றாவதில் 2024 பிப்ரவரியில் 1,000 யூனிட்கள், 120 ரூபாய் வீதம், 1,20,000 ரூபாய். ஏ.ஐ.எஸ்.ஸின் விற்பனைத் தொகை மொத்தம் 7,20,000. நான் தாக்கல் செய்த படிவத்தில் 5,70,000. வித்தியாசம் மிகச் சரியாக 1,50,000.

இதற்கு மேல் தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது ஃபண்டை நான் படிவத்தில் காட்டவே இல்லை. அந்தத் தேதியில் நான் பணம் எதையும் எடுக்கவில்லை. முகவர் வழியாக வாங்கும் ரெகுலர் திட்டத்திலிருந்து, நேரடியாக வாங்கும் அதே ஃபண்டின் டைரக்ட் திட்டத்துக்கு மாறியிருந்தேன். ஜூலையில் படிவம் தயாரித்தபோது வங்கி அறிக்கையை வைத்து, ஃபண்டிலிருந்து வந்த வரவுகளை மட்டும் தேடிக் குறித்தேன். ஸ்விட்ச் செய்தால் வங்கியில் வரவு வராது. "சார், பணமே என் கைக்கு வரலையே" என்று நான் சொன்னதற்கு ஆடிட்டர் சிரித்தார். "ஒரு திட்டத்து யூனிட்டை வித்து இன்னொரு திட்டத்து யூனிட்டை வாங்கியிருக்கீங்க. நடுவுல பணம் உங்க கணக்குக்கு வந்துட்டுப் போகலை, அவ்வளவுதான்." அதே ஃபண்ட், அதே மேலாளர், அதே பங்குகள் என்பதெல்லாம் இதில் பொருட்டல்ல, ரெகுலரும் டைரக்டும் என்.ஏ.வி. எனப்படும் யூனிட் விலை தனித்தனியாக உள்ள தனித்தனித் திட்டங்கள் என்பதால், ஒன்றிலிருந்து வெளியேறுவது விற்பனைதான். பதிவாளரின் அறிக்கையில் 'ஸ்விட்ச் அவுட்' என்ற பெயரில் அந்த வரி இருந்தது. தவறு முழுக்க முழுக்க என்னுடையது.

அந்த 2,000 யூனிட்களும் ஒரே நாளில் வாங்கியவை அல்ல. 2020 நவம்பர் முதல் 2023 டிசம்பர் வரை ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி 3,000 ரூபாய் எஸ்.ஐ.பி. என்னும் மாதாந்திர முதலீடாகச் சென்றுகொண்டிருந்தது. 38 தவணைகளும் 38 தனித்தனிக் கொள்முதல்கள். விற்ற நாளில் 12 மாதங்களைத் தாண்டியிருந்தவை மட்டுமே நீண்டகாலம். அதாவது 2023 ஜனவரி 5ஆம் தேதித் தவணை மூன்று நாள் வித்தியாசத்தில் நீண்டகாலத்தில் விழுந்தது. பிப்ரவரித் தவணையிலிருந்து டிசம்பர் வரையிலான பதினொன்றும் குறுகியகாலம். முதல் 27 தவணைகளின் 81,000 ரூபாய்க்கு 1,500 யூனிட்களும், பின் பதினொன்றின் 33,000 ரூபாய்க்கு 500 யூனிட்களும் என்று வைத்தால், நீண்டகால ஆதாயம் 31,500. குறுகியகால ஆதாயம் 4,500. இதை ஏ.ஐ.எஸ்.ஸும் பதிவாளர் அறிக்கையும் ஒரே மாதிரியே காட்டின. ஆக, துறையின் செய்தி இந்த ஒரு விஷயத்தில் நியாயமானது. 36,000 ரூபாய் ஆதாயத்தை நான் விட்டிருந்தேன்.

ஆனால் 91,000இல் 36,000 போனால் மீதி 55,000 எதற்கு? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. மற்ற இரண்டு ஃபண்டுகளிலும் விற்பனைத் தொகை பைசா சுத்தமாகப் பொருந்தியது. அப்படியானால் வேறுபாடு கணக்கில்தான் இருக்க வேண்டும்.

முதல் ஃபண்டின் 5,000 யூனிட்களை நான் 2016 அக்டோபரில் 40 ரூபாய் வீதம் 2,00,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். 2018ஆம் ஆண்டு வரை ஈக்விட்டி ஃபண்டுகளின் நீண்டகால ஆதாயத்துக்கு வரி கிடையாது. அந்த ஆண்டு பட்ஜெட்டில் வரி கொண்டுவரப்பட்டபோது, 2018 ஜனவரி 31 வரை சேர்ந்திருந்த ஆதாயத்துக்கு விலக்குத் தரும் வகையில் ஒரு விதியும் சேர்க்கப்பட்டது. அந்தத் தேதி வரை வாங்கிய யூனிட்களுக்கு, அன்றைய என்.ஏ.வி., விற்ற விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு அதற்கும் உண்மையில் கொடுத்த விலைக்கும் இடையே எது அதிகமோ அதுவே கொள்முதல் விலை.

என் யூனிட்டுக்கு 2018 ஜனவரி 31 அன்று என்.ஏ.வி. 60 ரூபாய். விற்ற விலை 90. குறைவானது 60; அதற்கும் 40க்கும் இடையே அதிகமானதும் 60தான். எனவே கொள்முதல் விலை 3,00,000, ஆதாயம் 1,50,000. பதிவாளரின் அறிக்கை இதையே காட்டியது. நானும் அதையே தாக்கல் செய்திருந்தேன். ஏ.ஐ.எஸ். வரியிலோ கொள்முதல் விலை என்ற கட்டத்தில் 2,00,000 இருந்தது. ஆனால் இரண்டு கட்டங்கள் தள்ளிச் சந்தை மதிப்பு என்ற இடத்தில் 3,00,000மும் இருந்தது. ஏ.ஐ.எஸ். எதையும் தவறாகச் சொல்லவில்லை. மூலப்பொருட்கள் எல்லாவற்றையும் அது தந்துவிட்டது. இரண்டை மட்டும் எடுத்துக் கழித்து 2,50,000 என்று எண்ணிக்கொண்டது நான். ஒரு லட்ச ரூபாய் பூதம் இப்படித்தான் பிறந்தது.

இந்த விதியில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 40 ரூபாய்க்கு வாங்கி, ஜனவரி 31 அன்று 60 ஆக இருந்த யூனிட்டைப் பின்னர் 55க்கு விற்றால், 5 ரூபாய் நட்டம் காட்ட முடியாது. 60, 55 இரண்டில் குறைவானது 55. ஆகவே ஆதாயம் பூஜ்யம். விற்ற விலை 35 ஆக இருந்தால், 35க்கும் 40க்கும் அதிகமானது 40. அப்போது மட்டுமே 5 ரூபாய் உண்மையான நட்டம். அறிக்கையைப் பாராமல் ஜனவரி 31 விலையை மட்டும் எடுத்துக் கழிப்பவர்கள் இல்லாத நட்டத்தை உருவாக்கிவிடுவார்கள், அதற்கும் இதே போன்ற செய்தி வரக்கூடும்.

மூன்றாவது ஃபண்டுதான் என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. 2020 ஜூனில் 60 ரூபாய் வீதம் 1,000 யூனிட்களை, ஃபண்ட் நிறுவனத்திடமே கணக்கு வைக்கும் ஃபோலியோ முறையில் வாங்கியிருந்தேன். எல்லாம் ஒரே இடத்தில் தெரியட்டும் என்று 2023 ஜூனில் அவற்றை டீமேட் கணக்குக்கு மாற்றினேன். அடுத்த பிப்ரவரியில் விற்றேன். என் கணக்கில் இது மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த சொத்து, ஆதாயம் 60,000, நீண்டகாலம். அப்படித்தான் தாக்கலும் செய்தேன். ஏ.ஐ.எஸ்.ஸில் இந்த வரி குறுகியகாலம் என்றும், கொள்முதல் விலை 1,05,000 என்றும், அதன்படி ஆதாயம் வெறும் 15,000 என்றும் ஆகியிருந்தது. 105 ரூபாய் என்பது யூனிட்கள் டீமேட்டுக்குள் வந்த நாளின் என்.ஏ.வி. என்பதைப் பழைய விலைப் பட்டியலைப் பார்த்து உறுதிசெய்தேன்.

காரணம் இதுதான்: டீமேட்டில் நடந்த விற்பனையைப் பற்றிய தகவல், ஃபண்டின் பதிவாளர் வழியாக அல்லாமல், டீமேட் கணக்குகளைப் பராமரிக்கும் டெபாசிட்டரி வழியாக வந்திருந்தது. யூனிட்கள் தன்னிடம் எந்த நாளில் வந்தன என்பதை டெபாசிட்டரியின் பதிவு அறியும்; அதற்கு முன் அவை ஃபோலியோவில் எத்தனை ஆண்டுகள் இருந்தன, என்ன விலைக்கு வாங்கப்பட்டன என்பது அந்தப் பதிவில் இல்லை. ஆகவே வந்த நாளே வாங்கிய நாளாகவும், அன்றைய விலையே கொள்முதல் விலையாகவும் ஆகிவிட்டன. ஃபோலியோவிலிருந்து டீமேட்டுக்கு மாற்றுவது விற்பனை அல்ல. உரிமையாளர் மாறவில்லை, யூனிட்டும் மாறவில்லை. எனவே காலமும் விலையும் 2020 ஜூனிலிருந்தே எண்ணப்பட வேண்டும்.

கவனித்தீர்களா, இந்த வரியில் ஏ.ஐ.எஸ். என் ஆதாயத்தை 45,000 ரூபாய் குறைத்துக் காட்டியிருக்கிறது. குறைவான எண்ணை ஏற்றுக்கொள்ளும் சபலம் ஒரு கணம் எழுந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் 60 ரூபாய்க்கு வாங்கிய ஆவணம் என் கையில் இருக்கிறது. வாங்கியபோது பணம் சென்ற வங்கிப் பதிவும் இருக்கிறது. அறிக்கை தவறாக இருந்தது என்பது உண்மையான ஆதாயத்தைக் குறைத்துக் காட்டுவதற்கான அனுமதி ஆகாது.

இப்போது 91,000 முழுமையாகப் பிரிந்துவிட்டது. முதல் ஃபண்டில் விதியைப் பொருத்தாமல் கழித்ததால் 1,00,000 கூடுதல். இரண்டாவதில் நான் விட்டது 36,000. மூன்றாவதில் டீமேட் தேதியால் 45,000 குறைவு. ஒரு லட்சத்தோடு முப்பத்தாறாயிரத்தைக் கூட்டி நாற்பத்தைந்தாயிரத்தைக் கழித்தால் 91,000. முதல் இரவில் அந்த ஒற்றை எண்ணை அப்படியே சேர்த்திருந்தால், இல்லாத லாபத்துக்கு வரி கட்டி, இருந்த லாபத்தைத் தவறான தலைப்பில் காட்டியிருப்பேன்.

வரியிலும் பார்க்கலாம். அந்த ஆண்டு நீண்டகால ஆதாயத்தில் முதல் ஒரு லட்சத்துக்கு வரி இல்லை, மீதிக்கு 10 சதவீதம். குறுகியகாலத்துக்கு 15 சதவீதம். ஜூலையில் நான் கட்டியது 1,10,000க்கு 11,000 ரூபாய். சரியான கணக்கில் நீண்டகாலம் 2,41,500, குறுகியகாலம் 4,500. வரி 14,150ம் 675மாக 14,825 ரூபாய். ஏ.ஐ.எஸ். எண்களை அப்படியே ஏற்றிருந்தால் நீண்டகாலம் 2,81,500, குறுகியகாலம் 19,500, வரி 21,075. கூடுதலாக நான் கட்ட வேண்டியிருந்தது 3,825 ரூபாயும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் வட்டியும்தான். பயத்தில் கட்டவிருந்தது பத்தாயிரத்துக்கும் மேல். (2024 ஜூலை 23 முதல் நடந்த விற்பனைகளுக்கு நீண்டகாலம் 12.5 சதவீதம், குறுகியகாலம் 20 சதவீதம். 2024-25 முதல் விலக்கு வரம்பு 1,25,000. எண்கள் மாறினாலும் பொருத்திப் பார்க்கும் வரிசை மாறாது.)

பொருத்தும்போது சில்லறை வேறுபாடுகளும் தலைகாட்டும். 4,50,000 ரூபாய்க்கு விற்றதற்கு வங்கியில் நாலரை ரூபாய் குறைவாக வந்திருந்தது. ஈக்விட்டி ஃபண்ட் யூனிட்களை ஃபண்டிடமே திருப்பிக் கொடுக்கும்போது 0.001 சதவீதம் பங்குப் பரிவர்த்தனை வரி பிடிக்கப்படுகிறது. அதை ஆதாயக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது. ஆகவே விற்பனைத் தொகைக்கு வங்கி வரவை ஆதாரமாக எடுக்காமல், அறிக்கையில் உள்ள தொகையையே எடுக்க வேண்டும்.

பதில் அளிக்கும் வேலை இதன் பின் எளிதாகிவிட்டது. டிசம்பர் 24 அன்று திருத்திய படிவத்தைத் தாக்கல் செய்தேன். ஐ.டி.ஆர்.-2 என்னும் அந்தப் படிவத்தில், 2018 ஜனவரி 31 வரை வாங்கிய யூனிட்களை, ஃபண்டை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஐ.என். எண், எண்ணிக்கை, விலை, சந்தை மதிப்பு ஆகியவற்றுடன் தனி வரியாகவே நிரப்ப வேண்டும். அதன் பின் வாங்கியவற்றை மொத்தமாகக் காட்ட இடம் உண்டு. நாளைக் கடத்தாமல் அன்றே ஆதார் ஓ.டி.பி. மூலம் சரிபார்த்தும் விட்டேன். டிசம்பர் 31 என்ற கடைசி நாள் பின்னர் 2025 ஜனவரி 15 வரை நீட்டிக்கப்பட்டது; அதையும் தவறவிட்டிருந்தால், புதுப்பித்த படிவம் என்ற வழி மட்டுமே இருந்திருக்கும். அதில் வரி, வட்டி ஆகியவற்றின் மேல் குறைந்தது 25 சதவீதம் கூடுதல் வரி சேரும், மேலும் வரியைக் குறைக்கும் திருத்தத்துக்கு அது பயன்படாது.

அடுத்து ஏ.ஐ.எஸ்.ஸில் வரி வரியாகக் கருத்துப் பதிந்தேன். முதல் இரண்டு ஃபண்டுகளுக்கும் `Information is correct` என்று தேர்ந்தெடுத்தேன். முதல் ஃபண்டில் எனக்கும் ஏ.ஐ.எஸ்.ஸுக்கும் வித்தியாசம் இருப்பதுபோலத் தோன்றினாலும், அதில் உள்ள தகவல் எதுவும் பிழையல்ல என்பதால் அதை மறுக்கக் கூடாது. மூன்றாவதற்கு மட்டும் `Information is not fully correct` என்பதைத் தேர்ந்தெடுத்து, நீண்டகாலம் என்றும் கொள்முதல் விலை 60,000 என்றும் குறித்தேன். இணக்க இணையதளத்தில் அளித்த பதிலில் உணர்ச்சி எதுவும் இல்லாமல் நான்கு வாக்கியங்கள்: விற்பனைத் தொகை 7,20,000 என்பதை ஏற்கிறேன், விடுபட்டிருந்த 1,50,000 ரூபாய் ஸ்விட்ச் திருத்திய படிவத்தில் சேர்க்கப்பட்டுள்ளது, முதல் ஃபண்டின் கொள்முதல் விலை 2018 ஜனவரி 31 மதிப்பின்படி கணக்கிடப்பட்டுள்ளது, மூன்றாவது ஃபண்டின் யூனிட்கள் 2020 ஜூனில் வாங்கப்பட்டு 2023 ஜூனில் டீமேட்டாக மாற்றப்பட்டவை.

இந்தக் கருத்துப் பதிவின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் மறுக்கும் தகவல், அதை அனுப்பிய நிறுவனத்தின் உறுதிப்படுத்தலுக்குச் செல்லும்; அது ஏற்கப்பட்டதா இல்லையா என்பதை 2024 மே முதல் ஏ.ஐ.எஸ்.ஸிலேயே பார்க்க முடிகிறது. என் விஷயத்தில் அது ஏற்கப்படவில்லை. தங்களிடம் உள்ள வரவுத் தேதி சரிதான் என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள். அவர்கள் பதிவைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. எனவே அந்த வரி இன்றும் குறுகியகாலம் என்றே நிற்கிறது. என் படிவம் என்னிடம் உள்ள மூன்று தாள்களின் பலத்தில் நிற்கிறது: 2020 ஜூன் கொள்முதலைக் காட்டும் ஃபோலியோ அறிக்கை, டீமேட் மாற்றத்துக்கான கோரிக்கைப் படிவத்தின் நகல், யூனிட்கள் டீமேட்டில் வரவான நாளும் எண்ணிக்கையும் தெரியும் டீமேட் அறிக்கை. முறையான நோட்டீஸ் என்றைக்காவது வந்தால் எடுத்துக் கொடுக்க, மூன்றையும் அந்த ஆண்டுப் படிவத்தின் ஒப்புகைச் சீட்டோடு ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.